ஓரகத்தியின் சான்றிதழ்

ஒரு நிறுவனத்தின் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்த அவளிடம், ஓரகத்தி ஒருநாள், "அக்கா, ஏஐ சர்டிபிகேட் வாங்கினா வேலைக்கு உதவுமா?" என்று கேட்டாள். அவசரத்தில் இருந்தவள், "கண்டிப்பா உதவும்" என்று சொல்லிவைத்தாள்.

ஓரகத்தி பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஆறு வாரம் உட்கார்ந்து படித்தாள். இவள் நிறுவனத்தில் ஒரு வேலைக்கு அவள் போட்ட விண்ணப்பம் இவள் மேசைக்கே வந்தது.

மேலாளர் புரட்டிப் பார்த்தார். "இந்த சர்டிபிகேட்டை இப்ப எல்லாரும் வச்சிருக்காங்க. அதை வச்சு வேலையில என்ன செஞ்சாங்கன்னு ஒரு வரிகூட இல்லையே." விண்ணப்பத்தை ஒதுக்கி வைத்தார்.

ஓரகத்தி தான் வேலை பார்க்கும் கிளினிக்கில், நோயாளிகளுக்கு ஏஐ எழுதிய நினைவூட்டல்களைச் சரிபார்த்து, தப்பான தேதி ஒன்றைக் கண்டுபிடித்தது இவளுக்குத் தெரியும். சொன்னால் உறவு வெளியே வரும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அதற்குள் வேறு ஆளை எடுத்தாகிவிட்டது.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். ஓரகத்தி கோபப்படவில்லை.

"கிளினிக்ல செஞ்சதை எழுதணும்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அக்கா" என்றாள்.

இவளால் ஓரகத்தியை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.