ஒன்பது நொடியில் படித்த இருபத்திரண்டு பக்கம்

தண்ணீர் மோட்டாருக்கு உதிரிபாகம் செய்து அனுப்பும் அந்தக் கம்பெனியில் எண்பத்து நான்கு பேர் வேலை பார்த்தார்கள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் அறைக்காரரை மற்ற எல்லோரும் ‘பாஸ்வேர்டு’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே என்றால் கூடவே ஒரு ‘அண்ணன்’ ஒட்டிக்கொள்ளும். பழுது பார்க்கக் கொடுக்கும் லேப்டாப்பின் மேல் பாஸ்வேர்டை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டிக் கொடுப்பது அங்கே வழக்கம். அப்படி ஒட்டிய காகிதங்கள் அவர் மேஜையில் எப்போதும் நாலைந்து கிடக்கும். பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

பத்தாவதோடு படிப்பை விட்டவர். சுவரைத் துளைத்து நெட்வொர்க் கேபிள் இழுக்க வந்து, இழுத்த கேபிளுக்கே காவலாக உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருஷம் ஆகிறது. மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை. சர்வர் சூடாகக் கூடாது என்று ஓடும் ஏசியில் அவருக்குத்தான் வருஷம் பூராவும் ஜலதோஷம். பேரனைப் பார்த்துக்கொள்ள மனைவி மகள் வீட்டுக்குப் போய் ஏழு மாதம் ஆயிற்று. வீட்டில் பேச ஆளில்லை. ஆபீசில் ஆள் இருந்தது, பேச்சு இல்லை. அவர் நடந்து போனால் வழியில் உள்ள மேஜைகளில் ஸ்கிரீன் படபடவென்று மாறும். எல்லோருடைய மெயிலையும் உட்கார்ந்து படிக்கிறார் என்று ஒரு பேச்சு. படிக்கிற ஆளிடம் யார் வாயைக் கொடுப்பார்கள்?

ஒரு திங்கட்கிழமை மனிதவளப் பிரிவு மேடம் கூப்பிட்டு அனுப்பினார். மேஜைமேல் பழைய விதிமுறைப் புத்தகம் கிடந்தது. கம்பெனி மெயில், லேப்டாப், இன்டர்நெட் மூன்றையும் எப்படிப் பயன்படுத்தலாம், எப்படிக் கூடாது என்று இருபத்திரண்டு பக்கம்.

“இத யாராவது படிச்சிருக்காங்களா?”

“ஃபைல எவ்வளவு நேரம் தொறந்து வச்சிருந்தாங்கன்னு கணக்கு வரும் மேடம். சராசரி ஒம்பது செகண்டு.”

“ஒம்பது செகண்டுல இருபத்திரண்டு பக்கமா?”

“கீழ வரைக்கும் உருட்டி ‘சம்மதம்’ பட்டன அமுக்க அவ்ளோ நேரம் ஆகும்.”

மேடம் சிரிக்கவில்லை. “ரெண்டே பக்கம். ஜனங்க உண்மையிலேயே படிக்கணும். வக்கீல் எழுதினா மறுபடி இருபத்திரண்டு ஆயிடும். நீங்க எழுதுங்க, அவர் சரிபார்க்கட்டும். வெள்ளிக்கிழமை வேணும். அன்னைக்கு அந்த டெஸ்பாட்ச் பொண்ணோட விசாரணையும் இருக்கு.”

சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவுப் பெண்ணின் விஷயம் அவருக்கும் தெரியும். அவருடைய சிஸ்டம்தான் காட்டிக் கொடுத்தது. நானூறு வாடிக்கையாளரின் பெயர், போன், விலை விவரம் உள்ள பட்டியலைக் கம்பெனி மெயிலிலிருந்து தன் சொந்த மெயிலுக்கு அனுப்பியிருந்தாள். மகனுக்குக் காய்ச்சல், மறுநாள் சரக்கு வரிசையை வீட்டில் இருந்தே முடித்துவிடலாம் என்று செய்தது. டெஸ்பாட்ச் லேப்டாப் லேபிள் பிரிண்டரோடு சேர்த்து மேஜையில் பூட்டியிருக்கும், எடுத்துப் போக முடியாது.

“வேலைய விட்டு எடுக்கறதுதான் டைரக்டர் முடிவு” என்றார் மேடம். “விதி தெரியாதுன்னு அவ சொல்ல முடியாது. சம்மதம் குடுத்திருக்கா, ரெக்கார்டுல இருக்கு.”

அவர் தலையாட்டிவிட்டு வந்தார்.

செவ்வாய் காலை ஆபீசுக்குக் கிளம்புமுன் முதல் பக்கத்தை எழுதி, மனைவிக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினார். “இவ்விதிமுறையின் நோக்கமானது, நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்ப வளங்களை…”

“இருங்க இருங்க. யாருக்கு எழுதுறீங்க, கோர்ட்டுக்கா?”

“ஆபீஸ் ஆளுங்களுக்குத்தான்டி.”

“அவங்க என்ன கேப்பாங்களோ அதுக்குப் பதில் எழுதுங்க. ‘ஆபீஸ் லேப்டாப்புல கரண்டு பில்லு கட்டலாமா’ன்னு உங்க மருமகனே நேத்து என்கிட்ட கேக்குறாரு. எனக்கென்ன தெரியும்?” பின்னால் குழந்தை வீறிட்டது. “அப்புறம் பேசுறேன்.” அப்புறம் பேசவில்லை.

எழுதியதை எல்லாம் அழித்தார். கேள்வியும் பதிலுமாகத் தொடங்கினார். ஒவ்வொரு பதிலும் மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது என்று தனக்குத் தானே ஒரு விதி.

‘சொந்த வேலைக்கு இன்டர்நெட் பயன்படுத்தலாமா? கொஞ்சம் பயன்படுத்தலாம். இடைவேளையில் கரண்ட் பில் கட்டுங்கள், டிக்கெட் போடுங்கள். வேலை கெடக் கூடாது. ஆபாசம், சூதாட்டம், திருட்டுப் படம் எப்போதும் கூடாது.’

‘எனக்குப் பிடித்த சாஃப்ட்வேரைப் போட்டுக்கொள்ளலாமா? கேட்காமல் கூடாது. சிஸ்டம் அறையில் கேளுங்கள். ஒரு நாளுக்குள் பதில் வரும்.’

‘தப்பான லிங்க்கைத் தொட்டுவிட்டேன், லேப்டாப் தொலைந்துவிட்டது, என்ன செய்ய? உடனே சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னதற்காக யாருக்கும் தண்டனை இல்லை. மறைத்தால்தான் பிரச்சினை.’

இந்தக் கடைசிப் பதிலில் மேடத்துக்கும் வக்கீலுக்கும் போனில் ஒரு மணி நேரம் வாக்குவாதம். தண்டனை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்கு நம் கையைக் கட்டிவிடும் என்றார் வக்கீல். “பயந்தா மூணு நாள் கழிச்சு சொல்லுவான் சார். அதுக்குள்ள வைரஸ் கம்பெனி பூரா சுத்தி வந்துடும்” என்று இவர் போனிலேயே சொன்னார். வக்கீல் முனகிக்கொண்டே விட்டார். ‘தெரிந்தே செய்த தவறுக்கு இது பொருந்தாது’ என்று மட்டும் ஒரு வரி சேர்த்தார். அது நியாயம்தான்.

எழுதினால் போதாது, படிக்கிற ஆளை வைத்துப் பார்க்க வேண்டும். புதன்கிழமை மதியம் தாளை எடுத்துக்கொண்டு டெஸ்பாட்சுக்குப் போனார். அந்தப் பெண்ணின் லாகினை முடக்கியிருந்தார்கள். காலி மேஜையில் கையெழுத்து வாங்கிய சரக்குச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இத ஒரு தடவ படிச்சுப் பாரும்மா.”

“என்னையப் போயா படிக்கச் சொல்றீங்க? நான் வெள்ளிக்கிழமையோட போறவ.”

“அதனாலதான். உனக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்.”

உதடு அசையப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றாள். “‘கம்பெனி ஃபைலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். அங்கே போனால் எங்களால் பாதுகாக்கவும் முடியாது, திரும்ப எடுக்கவும் முடியாது.’ சரி. அனுப்பாம வேற என்ன பண்றதுன்னு போடலியே? புள்ளைக்கு ஜுரம், வேல நாளைக்கு முடியணும். அப்ப?”

“என்கிட்ட கேட்டிருந்தா ஸ்டாக்குல இருக்குற லேப்டாப் ஒண்ணு குடுத்திருப்பேன். வீட்டுலேருந்தே ஆபீஸ் ஃபைலத் தொறக்கலாம்.”

“அப்படி ஒண்ணு இருக்குன்னு யாருக்குண்ணே தெரியும்?”

பேனாவை எடுத்து அங்கேயே எழுதிச் சேர்த்தார். அவள் தாளில் கீழே போய், அடுத்த வரியில் மறுபடி நின்றாள்.

“‘எங்கள் மெயிலை யாராவது படிக்கிறார்களா? எந்தத் தளத்துக்குப் போனீர்கள், எவ்வளவு பெரிய ஃபைல் வெளியே போனது என்பதைச் சிஸ்டம் குறித்துக்கொள்ளும். மெயிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க மனிதவளத் தலைவர், டைரக்டர் இருவரின் எழுத்து அனுமதி வேண்டும்.’ நெஜமாவா? நீங்க படிக்கிறதில்லையா?”

“பதினெட்டு வருஷத்துல மூணே மூணு தடவ. மூணுக்கும் பேப்பர் இருக்கு.”

“இத ஏன் இத்தன நாளா சொல்லல?”

“பழசுல பத்தொம்பதாவது பக்கத்துல இருக்கு.”

“அங்க யாரு வருவா?” என்றாள். சிரிப்பு பாதியில் நின்றது. “பழசுக்கு நான் பட்டன் அமுக்குனேன்னு மேடம் சொல்றாங்க. சத்தியமா எனக்கு ஞாபகமே இல்லண்ணே. அமுக்கித்தான் இருப்பேன், எத்தனையோ வருது.”

அவர் தாளை வாங்கிக்கொண்டு நடந்தார். அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சம்மத ரெக்கார்டைத் திறந்தார். அவள் பெயர். போன வருஷம் மார்ச், மாலை ஏழு பன்னிரண்டு. அவள் ஐந்தரைக்குக் கிளம்புகிறவள். பழுதுப் பதிவேட்டைப் புரட்டினார். அந்த வாரம் அவள் லேப்டாப் ஃபேன் மாற்ற இந்த அறையில் இருந்தது, பாஸ்வேர்டு காகிதத்தோடு.

பார்க்காமலேயே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் ஆடிட்டர் வருகிறார், எல்லோரும் சம்மதித்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு நெருக்கினார்கள். பதினோரு பேர் பாக்கி. பத்து தடவை மெயில் போட்டும் அசையவில்லை. பழுதுக்கு வந்தவை, அப்டேட்டுக்கு வாங்கி வைத்தவை என்று பதினோரு லேப்டாப்பிலும் காகிதத்தைப் பார்த்து உள்ளே போய்த் தானே பட்டனை அமுக்கிவிட்டார். நூறு சதவீதம் என்று மேடம் பாராட்டி மெயில் கூடப் போட்டார். பதினெட்டு வருஷத்தில் அவருக்கு வந்த ஒரே பாராட்டு.

வாயைத் திறந்தால் தன் வேலைக்கு ஆபத்து. திறக்காவிட்டால் அவள் வேலை போகும். கேட்பதற்கு ஒரு ஆள் இல்லை. மனைவிக்குப் போன் போட்டார், எடுக்கவில்லை. வியாழன் முழுக்க அந்த இரண்டு பக்கத்தில் கமா திருத்திக்கொண்டிருந்தார். கடைசியில் அடியில் ஒரு கேள்வி சேர்த்தார்.

‘என் பாஸ்வேர்டை யாரிடம் சொல்லலாம்? யாரிடமும் வேண்டாம். சிஸ்டம் அறைக்கும் வேண்டாம். பழுது பார்க்க எங்களுக்கென்று தனி லாகின் உண்டு. உங்களுக்குப் பதிலாக யாரும் சம்மதம் தர முடியாது.’

எழுதிய பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க வழியில்லாமல் போயிற்று.

வெள்ளிக்கிழமை விசாரணையில் மேடம், டைரக்டர், அந்தப் பெண், ரெக்கார்டை விளக்க இவர். மேடம் ரெக்கார்டைப் படித்து முடித்ததும் இவர் எழுந்தார். “அந்தப் பட்டன அமுக்குனது நான். அவங்க மட்டுமில்ல, பதினோரு பேருக்கு.” பெயர்ப் பட்டியலையும் பழுதுப் பதிவேட்டையும் மேஜைமேல் வைத்தார்.

டைரக்டர் பட்டியலை எடுத்துக் கடைசிப் பெயர் வரை பார்த்தார்.

“உங்கள நம்பித்தானய்யா சாவியக் குடுத்தோம்” என்றார் டைரக்டர். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

விதியைக் காட்டாமலே வேலையை விட்டு எடுக்க முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒரு அறிவுரைக் கடிதம். பட்டியலைச் சொந்த மெயிலிலிருந்து அழித்துவிட்டதாக எழுதிக் கொடுத்தாள். இவருக்கு எச்சரிக்கைக் கடிதம், மூன்று மாதம் கண்காணிப்பு. சம்மதப் பதிவுகளை இனி மனிதவளப் பிரிவே வைத்துக்கொள்ளும். அவரால் திறந்து பார்க்கவும் முடியாது.

வெளியே வராந்தாவில் அவள் நின்றிருந்தாள்.

“நன்றி சொல்லணும்னுதான் நின்னேன். வாய் வரலண்ணே. அஞ்சு நாளா சோறு எறங்கல எனக்கு.”

“தெரியும்மா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை இரண்டு பக்கமும் எல்லோருக்கும் போயிற்று. வாரக் கடைசியில் மேடத்திடமிருந்து போன். படித்த நேரம் சராசரி நான்கு நிமிஷம். ஆறு பேர் சந்தேகம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“ஒரே ஒருத்தர்தான் பாக்கி” என்றார் மேடம்.

“யாரு மேடம்? நான் போய் நேர்ல சொல்றேன்.”

“நீங்கதான்.”

எழுதியவனுக்கு எதற்குச் சம்மதம் என்று விட்டிருந்தார். ஃபைலைத் திறந்தார். முதல் கேள்வியிலிருந்து, வேறு யாரோ எழுதியதைப் படிப்பதுபோல, ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஒரு இடத்தில் வாக்கியம் கொஞ்சம் நொண்டியது. சொல்லலாம் என்று திரும்பினார். அறையில் யாரும் இல்லை. மேலே மாடிப்படியில் ஜனங்கள் பேசிக்கொண்டே இறங்குகிற சத்தம். அது ஓயும்வரை இருந்துவிட்டுப் பட்டனை அமுக்கினார்.