நாலு வாய்க்கு மேல் இறங்காத சோறு

எனக்கும் என் ஓரகத்திக்கும் ஆகவே ஆகாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாசத்தில் உருகி இதை எழுதுவதாக யாராவது நினைத்துக்கொள்வார்கள். அண்ணன் பெண்டாட்டி, தம்பி பெண்டாட்டி என்று இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்தோம். உப்பு டப்பாவை இடம் மாற்றி வைத்ததற்கெல்லாம் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு தட்டில் சோற்றை மிச்சம் வைக்க ஆரம்பித்தாள். நாலு வாய் சாப்பிடுவாள், கையை எடுத்துவிடுவாள். "ரொம்பிப்போச்சு" என்பாள். சின்னவளான என் சமையல் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று என் மாமியார் தீர்ப்பு சொன்னாள். நான் சும்மா விடவில்லை. அவள் சமைக்கும் நாளில் அவள் தட்டைப் பார்த்தேன். தான் வைத்த வற்றல் குழம்பையே நாலு வாய்க்கு மேல் தொடவில்லை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

எங்கள் வீட்டுத் தறி குழித்தறி. நெய்கிறவர் குழியில் காலைத் தொங்கவிட்டுப் பலகையில் உட்கார வேண்டும். நெய்த துணியைச் சுற்றும் மரம் வயிற்றுக்கு நேராக வரும். அவளும் தினம் ஒரு பொழுது தறியில் உட்காருவாள். மரம் வயிற்றில் இடிக்கிறது என்றாள். என் மூத்தார், அதாவது அவள் புருஷன், பலகையைப் பின்னால் தள்ளிப் போட்டார். கொஞ்ச நாளில் மறுபடி இடித்தது, மறுபடி தள்ளிப் போட்டார். பெண்டாட்டிக்குப் பெரிய உபகாரம் செய்த நினைப்பு அவருக்கு. பலகை ஏன் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அவள் கை இளைத்து ரவிக்கை தொளதொளத்தது, ஆனால் பாவாடை நாடா இடுப்பில் எட்டவில்லை. அடிக்கடி குழியிலிருந்து எழுந்து கொல்லைப்பக்கம் ஒன்றுக்குப் போனாள். சோம்பல் என்று மாமியார் அதற்கும் ஒரு பெயர் வைத்தாள்.

மூத்தார் அவளைக் கடைத்தெரு டாக்டரிடம் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்டார், மூத்தார் பதில் சொன்னார். எங்களில் அதுதான் வழக்கம். பெண்டாட்டியின் வயிற்றுவலியைக்கூடப் புருஷன்தான் சொல்ல வேண்டும்.

"வயிறு உப்பிக்கினே இருக்குதுங்க. வாயுதான்" என்றார் மூத்தார், மருந்துச்சீட்டையும் தானே எழுதிவிடுகிறவர் போல.

டாக்டர் புடவைக்கு மேலேயே மேல்வயிற்றை இரண்டு விரலால் தொட்டார். மலத்தைச் சோதிக்கச் சொன்னார். அதில் அமீபா இருந்தது. பொய் இல்லை, நிஜமாகவே இருந்தது. மாத்திரை கொடுத்தார், இடையிடையே போய்க்கொண்டிருந்த பேதி நின்றது. உப்பல் மட்டும் நிற்கவில்லை. மறுபடி போனால், "குடல் ஆற நாள் ஆகும்" என்று வெள்ளை மருந்து ஒரு பாட்டில். அதற்கடுத்து இன்னொரு பாட்டில். ஒரு காரணம் கையில் கிடைத்ததும் மனுஷர் தேடுவதையே விட்டுவிட்டார். அந்த ஆள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. "அம்மன் கோயிலுக்குப் போய்ட்டு வர்றோம் அத்தை" என்று பொய் சொல்லி அவளைப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உன்னிய யாரு கேட்டா? எனக்கு ஒன்னுமில்ல" என்று வழியெல்லாம் திட்டினாள்.

"எனக்காவத்தான் இட்டுக்கினு போறேன். உன் பங்கு வேலையையும் சேத்துச் செய்ய என்னால ஆவாதுக்கா" என்றேன். அவள் புரிந்துகொள்ளக்கூடிய பாஷை அதுதான்.

லேடி டாக்டருக்கு வாயும் கடுமை, கையும் கடுமை. நான் பேசப் போனதும் என்னை அடக்கினார். "வயிறு உன்னுதா? அவங்க சொல்லட்டும்." அவள் திக்கித்திக்கிச் சொன்னாள். டாக்டர் புடவையைத் தளர்த்தச் சொல்லி வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தார். ஒருக்களித்துப் படுக்கவைத்து மறுபடி தட்டினார். உள்ளே நீர் இருக்கிறது, திரும்பினால் நீரும் நகர்கிறது, சத்தம் மாறுகிறது என்றார். பிறகு திரைக்குப் பின்னால் உள்பரிசோதனை செய்தார். வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே பேசினார்.

"சினைப்பைப் பக்கம் கட்டி இருக்கும்மா. உப்பலும், கொஞ்சம் சாப்பிட்டதும் நெறைஞ்சு போறதும் குடலாலயும் வரும், இதாலயும் வரும். வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும். அமீபா இருந்திச்சின்னா கட்டி இருக்கக் கூடாதுன்னு சட்டமா? மாசக்கணக்கா விடாம உப்பினா, அதுவும் இந்த வயசுல, ரெண்டு பக்கமும் பாத்தாவணும்."

குடலையும் அவர் விட்டுவிடவில்லை. இரைப்பையில் தொடங்கும் நோய் சினைப்பைக்குப் பரவுவதும் உண்டாம். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் அதற்கும் படம் எடுப்பார்கள், பிறகு வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும், உடனே போங்கள் என்றார்.

வீட்டில் சொன்னதும் மாமியார் ஆடித் தீர்த்துவிட்டாள். "நாலு புள்ள பெத்த வயித்த எவளோ கைய உட்டுப் பாத்தாளாம்! பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருக்குது. ஆத்தாளுக்குக் கர்ப்பப்பையில நோவுன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? நிச்சயம் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்."

மூத்தார் தலையைக் குனிந்துகொண்டு அம்மா சொன்னதற்குத் தலையாட்டினார். வாரங்கள் ஓடின. அவளுக்கு ஒரு தம்ளர் கஞ்சிகூட இறங்காமல் போனது. ஒரு நாள் பத்துப் பேர் பார்க்க நான் தெருவாசலில் நின்று மூத்தாரைப் பார்த்துக் கத்தினேன்.

"நிச்சயத்தட்டு மாத்த ஆத்தா வேணுமா வேணாவா? அத்த மட்டும் சொல்லிடுங்க மாமா!"

தெரு கேட்டுவிட்டதே என்ற அவமானத்தில்தான் மூத்தார் அவளை மெட்ராசுக்குக் கூட்டிப்போனார். பெண்டாட்டி மேல் இருந்த அக்கறையில் போனார் என்று நான் சொல்ல மாட்டேன்.

வெள்ளைக் கரைசலைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். இரைப்பை சுத்தமாக இருந்தது. ஆபரேஷனில் இரண்டு சினைப்பையிலும் புற்று, வயிற்றின் உள்ளே எல்லாம் தெறித்திருந்தது. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். அதன்பின் நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். மகள் கல்யாணத்தை அவள் பார்த்தாள். மணையில் உட்காரத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்தாள். கடைசி மாதங்களில் நான்தான் அவளுக்கு உடம்பு துடைத்துவிட்டேன். அப்போதும் சண்டை போட்டோம். வெந்நீர் சூடு போதாது என்பாள்.

அவள் செத்தபோது அடித்துக்கொண்டு அழுதேன். சண்டை போட எனக்கு அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

அடுத்த தையில் நடந்த பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவெல்லாம் வந்திருந்தது. "என்னாதான் ஒடம்புக்கு?" என்று கேட்டவர்களிடம் மாமியார், "வாயு முத்திப்போச்சும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மூத்தார் பக்கத்திலேயே இருந்தார், மறுக்கவில்லை. எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

"வாயு இல்ல. சினைப்பையில புத்து. வயிறு உப்பிக்கினே இருந்திச்சி, நாலு வாய்க்கு மேல சோறு எறங்கல. குடலுக்கு மட்டும் மருந்து குடுத்துக்கினு அடிவயித்த ஒருத்தரும் பாக்கல. அவ பொண்ணுங்களும் இத்தத் தெரிஞ்சி வெச்சிக்கட்டும்" என்று கூடத்தில் நின்று சொன்னேன்.

ஆம்பிளைகள் எழுந்து வெளியே போனார்கள். "மானத்த வாங்கிட்டியேடி பாவி" என்றாள் மாமியார். அன்றோடு என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன். மாகறலிலிருந்து வந்திருந்த உறவுக்காரி ஒருத்தி என் பின்னாலேயே வந்தாள். ஐம்பதை ஒட்டிய வயசு, பேசிப் பழக்கமில்லை. இலைகளில் ஒன்றில் சோறு அப்படியே இருந்தது. அது தன் இலைதான் என்றாள்.

"அந்த லேடி டாக்டரு எந்தக் கெழம இருப்பாங்கமா?" என்று கேட்டாள்.

"எத்தினி மாசமா?" என்றேன்.

கதவுப் பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு, "ஆடியிலேர்ந்து" என்றாள்.