புவிராஜ சேரின் ஒருவழி வாசிப்பு

புவிராஜ சேரின் விடைக்கும் பாடப்புத்தகத்துக்கும் முரண்பாடு வந்தால் புத்தகம்தான் பிழை என்று திருகோணமலையில் ஒரு கதை உலாவுகிறது. அதைச் சரிபார்க்க, ஓர்ஸ் ஹில்லில் அவர் நடத்தும் உயர்தரப் பரீட்சைக்கான உயிரியல் ரியூசனில் கடைசி வாங்கில் போய் இருந்தேன்.

அன்று மாதிரிப் பரீட்சைத் தாள்கள் திரும்பி வந்தன. கிண்ணியாவிலிருந்து வரும் ஹுஸ்னியாவுக்கு இரண்டு புள்ளி குறைந்ததால் இறுதி மீட்டல் வகுப்பில் இடம் இல்லை. கேள்வியில் தரப்பட்ட டி.என்.ஏ. அச்சு இழை 5′-TTC AGG CAT-3′. அவள் எழுதிய அமினோ அமிலங்கள் மெதியோனின், புரோலின், குளுட்டமிக் அமிலம். சேரோ லைசின், செரின், வலின் என்று கண்டுபிடித்து, அவளுடைய விடையைச் சிவப்பால் வெட்டியிருந்தார்.

“சேர், அச்சு இழையை மூன்று பிரைம் பக்கத்தால வாசிக்கவேணும். அப்பதான் தூதுவர் ஆர்.என்.ஏ. AUG இல தொடங்கும். நீங்கள் இடப்பக்கத்தால மாத்தி எழுதி அப்பிடியே வாசிச்சிட்டீங்கள். AAG தொடக்கக் கோடோன் இல்லையே.”

“இருபது வருசமா இப்பிடித்தான் வாசிக்கிறன் பிள்ளை. ஒருத்தரும் முறைப்பாடு செய்யேல்லை.”

“கோடோனை வாசிக்கிற ரைபோசோமால முறைப்பாடு செய்ய ஏலாது சேர்.”

வகுப்பு சிரித்தது. சேர் சுவரிலிருந்த கோடோன் அட்டவணையை நெடுநேரம் முறைத்தார், அது அசையவில்லை. பிறகு, “ஒழுக்கமான பிள்ளை” என்பதற்காக மட்டும் அவளுக்கு மீட்டல் வகுப்பில் இடம் கொடுத்தார்.

அதன்பின் அவர் தயாரிக்கும் கேள்விகளில் அச்சு இழைகள் எல்லாம் 3′ முனையை இடப்பக்கம் வைத்தே வருகின்றன. இப்போது அவருடைய வாசிப்பு பிழையாக வழியில்லை. ஹுஸ்னியாவின் அந்த இரண்டு புள்ளியைத்தான் இன்னும் போட்டுக் கொடுக்கவில்லை.