பூட்டிய கழிப்பறையும் என் வரவேற்புரையும்

ஆண்டிமடத்தில் முந்திரி பயிரிடும் பெண்களுக்கு ஒருநாள் பயிற்சி. வரவேற்புரை என்னுடையது.

"வாங்க, வணக்கம். முந்திரிப் பூவைக் கருக்குற பூச்சியை ஒழிக்கக் கத்துக்கத்தான் கூடியிருக்கோம். மதியம் வரைக்கும் வகுப்பு, சாப்பிட்டுட்டுத் தோப்புல செய்முறை, நாலு மணிக்கு பஸ்ஸுக்கு விட்டுருவோம். பாத்ரூம் பின்னாடி இருக்கு, கூச்சப்படாம போயிட்டு வாங்க" என்று சிரித்தேன்.

முன்வரிசைப் பெண் எழுந்தார். "பூட்டிக் கெடக்குதுங்க சார். முதல் பஸ்ஸுல வந்ததுலேருந்து அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கோம்."

உதவியாளரிடம் சாவி கேட்டேன். "பயிற்சியைப் பார்வையிட வர்ற ஆபீசருக்காகக் கழுவி வெச்சிருக்குங்க. அவர் வந்துட்டுப் போறவரைக்கும் தொறக்கக் கூடாதாம்."

மைக் என் கையில்தான் இருந்தது. "அவர் மூத்திரம் மட்டும் என்னய்யா, பன்னீரா?" என்று கத்தினேன்.

சாவி வந்தது. ஆபீசர் நுழைந்தபோது கூடமே காலி. அவரை வரவேற்க வேண்டிய நான், பின்னால் பெண்களுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன்.