ஊரே இல்லாத பிளாக்

கரமனை அக்ரஹாரத்தில் பாகீரதி மாமியிடம் ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துப் பாருங்கள். "எப்போ முகூர்த்தம்?" என்று கேட்க மாட்டாள். மூன்றாவது வரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருப்பதைக் காட்டிவிட்டுத்தான் உங்களை உட்காரச் சொல்வாள். சாப்பாட்டுப் பந்தியில் பரிமாறுகிறவன்கூட அவள் இலைக்கு வரும்போது ஒரு தடவை கையைப் பார்த்துக்கொள்வான். அப்படிப்பட்ட ஒரு பிறவி.

இந்தக் குணத்துக்குச் சம்பளமும் கொடுப்பார்கள் என்று ஐம்பத்தொரு வயது வரை அவளுக்கே தெரியாது. கழக்கூட்டத்தில் ஐடி பார்க் வாசலைத் தாண்டி, ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில், பழைய அரசாங்கப் புத்தகங்களை ஸ்கேனிலிருந்து கம்ப்யூட்டர் அட்டவணையாக மாற்றிக் கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே சரிபார்க்க ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், போனாள். மாதிரிக்குக் கொடுத்த பக்கத்தில் ஒன்பது தப்பு இருக்கிறது என்று மேனேஜர் ஸ்மிதா சொல்ல, "பதினொண்ணு" என்றாள் மாமி. பதினொன்றுதான். அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது.

இப்போது மூன்று வருஷமாகிறது. கழுத்தில் போட்டோ வைத்த அட்டை, சொந்தமாக ஒரு மேஜை, மேஜையில் பெயர். அந்த அட்டையை பஸ்ஸிலும் கழற்ற மாட்டாள். வீட்டுக்காரர் நாகேஸ்வரன், "நன்னா பொழுது போறதோல்லியோ" என்று கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பொழுதா போகிறது? வேலைக்கல்லவா போகிறாள்! வருஷா வருஷம் கான்டிராக்ட் புதுப்பிப்பார்கள். இந்த வருஷம் வெள்ளிக்கிழமைதான் அந்தக் கையெழுத்து.

சோதனை புதன்கிழமை வந்தது.

அவர்கள் அப்போது செய்துகொண்டிருந்தது வடக்கே ஒரு மாநிலத்தின் பழைய சென்சஸ் புத்தகங்கள். அதில் ஒரு பக்கத்தைப் பார்த்தால் தலை சுற்றும். மாவட்டம், பிளாக், கிராமம் என்று மூன்று அடுக்கு; ஆனால் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பத்திதான். பிளாக் பெயர் இடது ஓரத்தில் நிற்கும். கிராமங்கள் இரண்டு எழுத்து தள்ளி உள்ளே நிற்கும். அவ்வளவுதான் அடையாளம். மனுஷக் கண்ணுக்குப் புரியும். கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஒரே வரிசைதான். வாடிக்கையாளருக்கோ மூன்றும் தனித்தனிப் பத்தியாக வேண்டும். ஒவ்வொரு கிராமத்து வரியிலும் அது எந்த மாவட்டம், எந்த பிளாக் என்று கூடவே எழுதியிருக்க வேண்டும். பிளாக்கின் மொத்த வரியைக் கிராமங்களோடு கலந்துவிடவும் கூடாது. கலந்தால் அதே ஜனங்களை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும்.

இதற்கு ப்ரோகிராம் எழுதியவன் வினய். ஸ்ரீவராகத்துப் பையன், இருபத்தேழு வயசு, பாதி மலையாளம் பாதி தமிழ், காலையில் எந்த மொழி முதலில் வாயில் வருகிறதோ அது. அவன் ப்ரோகிராம் ஒவ்வொரு பெயரும் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளக்கும். ஓரத்தில் நின்றால் பிளாக் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த பிளாக் வரும்வரை கீழே வருகிற கிராமங்களுக்கெல்லாம் அந்தப் பெயரையே எழுதிக்கொண்டு போகும். முதல் புத்தகம் அப்படித்தான் ஜோராக முடிந்தது.

இரண்டாம் புத்தகம் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்துத்தான் அந்த மெயில் வந்தது. ஸ்மிதா அதைப் பெரிய திரையில் போட்டு எல்லார் முன்னாலும் வாசித்தாள். அந்தப் புத்தகம் முழுக்க ஒரே மாவட்டம், சந்தன்புரா. அதில் கடைசியாக பைரவ்டீ என்றொரு பிளாக். மக்கள்தொகை அறுபத்திரண்டாயிரத்து நானூற்றுப் பதினெட்டு. நம் அட்டவணைப்படி அந்த பிளாக்கில் ஒரு கிராமம்கூட இல்லை. குறிப்புப் பத்தியில், "எல்லாரும் டவுனில் இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறது. "அன்புள்ள ஐயா, அட்டவணையின் தலைப்பே கிராமப்புறம் என்பதுதான். இந்த அறுபத்திரண்டாயிரம் பேர் எங்கே குடியிருக்கிறார்கள் என்று தெரிவிக்க முடியுமா?"

அறையில் யாரோ சிரித்தார்கள். மாமி திரும்பிப் பார்த்தாள், சிரிப்பு நின்றது.

"ப்ரோகிராம் தப்பாயிட்டுண்டு," என்றாள் ஸ்மிதா. கோபம் வந்தால் அவளுக்கும் தமிழ் பாதியில் வந்துவிடும். "வினய், வெள்ளிக்கிழமை காலைல எனக்கு பதில் வேணும். பெரிய சார் கேட்கிறார், யார் பொறுப்புன்னு. ஒருத்தர் பேரைத்தான் நான் எழுதணும்."

வினய் முகம் வெளுத்துப்போய்விட்டது. அவனுக்கு ஏற்கெனவே ஒரு தப்புக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். இரண்டாவது வந்தால் வீட்டுக்குத்தான்.

"நீ ஒண்ணும் கவலைப்படாதே," என்றாள் மாமி. "நான் கண்டுபிடிச்சுத் தரேன். அந்த பிரிண்டிங் பிரஸ்காரன்தான் ஒரு பக்கத்தை முழுங்கியிருப்பான். நான் அப்பவே எழுதி வெச்சிருக்கேன், பாரு."

எழுதித்தான் வைத்திருந்தாள். சந்தன்புரா ஆரம்பத்தில் நாற்பத்து மூன்று கிராமங்கள் தலைப்பே இல்லாமல் அநாதையாக நின்றன. மாமி அதைப் பார்த்ததும், "முந்தின பக்கம் அச்சிலேயே விட்டுப்போயிருக்கும், பிளாக் தலைப்பு அதில் இருந்திருக்கும்" என்று குறித்துவிட்டு மேலே போய்விட்டாள். பக்க எண்ணும் ஸ்கேனில் வெட்டுப்பட்டிருந்தது. வேறென்ன நினைக்கத் தோன்றும்? ஆரம்பத்தில் பிளாக் இல்லாத கிராமங்கள், கடைசியில் கிராமம் இல்லாத பிளாக்; அதற்கு டவுன் குறிப்பு எழுதியதும் அவள்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டுக்கும் நடுவில் முப்பது பக்கம் இருந்தது, பாவம்.

வியாழக்கிழமை மத்தியானம். டிபன் டப்பாவில் எலுமிச்சை சாதம் ஆறிக்கொண்டிருந்தது. மாமி பென்சிலை எடுத்தாள். கணக்கை முழுசாகப் போட்டால் பக்கம் விட்டுப்போனது நிரூபணமாகிவிடும், பிரஸ்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டு வினயைக் காப்பாற்றிவிடலாம் என்பது திட்டம்.

முதலில் எல்லா கிராமங்களையும் கூட்டினாள். புத்தகத்தின் முன்பக்கத்துச் சுருக்க அட்டவணையில் இருந்த மாவட்ட மொத்தம் அப்படியே வந்தது. சந்தோஷம். பிறகு பிளாக் வரிகளை மட்டும் கூட்டினாள். அதுவும் மாவட்ட மொத்தம் அப்படியே வந்தது.

சந்தோஷம் நின்றுவிட்டது.

ஒரு பிளாக் தலைப்பு நிஜமாகவே விட்டுப்போயிருந்தால் அந்தக் கூட்டுத்தொகை குறைய வேண்டாமோ? குறையவில்லையே. அப்படியென்றால் எந்தப் பக்கமும் விட்டுப்போகவில்லை. எல்லா பிளாக்கும் இங்கேயே இருக்கிறது. அப்போது அந்த நாற்பத்து மூன்றும் யாருடையது?

அந்த நாற்பத்து மூன்றை மட்டும் கூட்டினாள். நாற்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு. பக்கத்தில் விரலை வைத்துக் கீழே இறங்கினாள். நாற்பத்து மூன்றாவது கிராமத்துக்கு அடுத்த வரியில், ஓரத்தை ஒட்டி, ஜோர்பானி பிளாக். அதற்கு நேரே 41,907.

"ஐயோ!" என்றாள் மாமி, சத்தமாக.

இந்தப் புத்தகத்தில் கிராமங்கள் முதலில், பிளாக் பெயரும் மொத்தமும் கடைசியில்! மளிகைக்கடைச் சீட்டில் மொத்தம் கீழே வருவது மாதிரி. தடித்த எழுத்தில்தான் அச்சடித்திருப்பார்கள்; மங்கின ஸ்கேனில் எல்லாம் ஒரே சாம்பல். ப்ரோகிராம் ஒவ்வொரு பிளாக் பெயரையும் அடுத்த பிளாக்கின் கிராமங்களுக்குக் கொடுத்துக்கொண்டே போய்விட்டது. ஒரு தெருக்காரர்கள் எல்லாரையும் அடுத்த தெருவில் குடிவைத்த கதை. மாவட்டக் கணக்கு பைசா பிசகாமல் இருக்கும். ஒருத்தன்கூட அவன் வீட்டில் இருக்க மாட்டான்.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்து ஒன்று ஞாபகம் வந்தது. இரண்டாம் புத்தகம் ஆரம்பித்த அன்று வினய் மேஜைக்கே வந்து கேட்டான்: "மாமி, இதிலயும் தலைப்பு மேலதானே? ஒரு பிளாக்குக்குக் கூட்டிப் பாத்துட்டு ஆரம்பிக்கட்டா?" இவள் என்ன சொன்னாள்? "தலைப்பை எவனாவது கீழ வெப்பானோடா? போய் வேலையைப் பாரு!"

அதைக் கேட்டவர் யாருமில்லை. வினய் அதைச் சொல்லவுமில்லை. புதன்கிழமையிலிருந்து வாய் திறக்காமல் அலைகிறான், அசட்டுப் பிள்ளை.

அன்று பஸ்ஸில் அட்டையைக் கையில் பிடித்தபடியே கரமனை வரை வந்தாள். சொல்லாமல் விட்டால் கையெழுத்தாகிவிடும், மேஜையும் இருக்கும். ஆனால் வினய் போய்விடுவான். சொன்னால்? ஐம்பத்து நாலு வயசுக்காரிக்கு இன்னொரு மேஜை எவன் கொடுப்பான்? பயமாகத்தான் இருந்தது. வெட்கம் அதைவிடப் பெரிசாக இருந்தது. ஊரார் புள்ளியெல்லாம் எண்ணினவளுக்கு ஒரு பிளாக்கைக் கூட்டிப் பார்க்க உடம்பு வணங்கவில்லையே!

வெள்ளிக்கிழமை ஸ்மிதாவின் அறையில் வினய் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். மாமி கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

"ஸ்மிதா, எழுதிக்கோ. தப்பு என்னோடதாக்கும். இவன் கூட்டிப் பாக்கறேன்னான். நான்தான் வேண்டாம்னேன். ப்ரோகிராம் நான் சொன்னபடி நடந்தது."

ஸ்மிதா பேனாவைக் கீழே வைத்துவிட்டு வினயைப் பார்த்தாள். "சத்யமாணோ?"

வினய் தரையைப் பார்த்தான். "மாமி கொஞ்சம் ஸ்பீடா சொன்னா. அவ்வளவுதான்."

மாமி பென்சில் கணக்கை மேஜையில் விரித்துக் காட்டினாள். ஸ்மிதா இரண்டு தடவை பார்த்தாள். "இதைச் சரியாக்க எத்தனை நாள் வேணும்?"

"நாளா?" என்றான் வினய். "மாவட்டத்துப் பக்கமெல்லாம் ஒண்ணாச் சேர்த்து, கடைசி வரியிலேர்ந்து மேல நோக்கிப் படிக்கச் சொன்னா போறும். பெயர் மேல ஏறிக்கும். அரை மணி நேரம்."

மாமிக்கு ஆத்திரமே வந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் உருண்டதற்கு அரை மணி நேரமா!

ஒவ்வொரு பிளாக்குக்கும் கிராமங்களைக் கூட்டி, பிளாக் மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகுதான் இனி எந்தப் புத்தகமும் வெளியே போகும் என்று ஸ்மிதா எழுதிக்கொண்டாள். பொறுப்பு என்ற இடத்தில் பாகீரதி என்று எழுதினாள். வினய்க்கு எச்சரிக்கை இல்லை. மாமியின் கான்டிராக்டில் ஒரு வருஷம் என்பதை அடித்து மூன்று மாசம் என்று போட்டாள். "இதுக்கு மேல என்னால முடியல, மாமி."

"இதுவே ஜாஸ்தி," என்றாள் மாமி, நிஜமாகவே. கையெழுத்துப் போட்டுவிட்டு, கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் மூன்றாம் புத்தகத்தின் முதல் மாவட்டம் அவள் திரைக்கு வந்தது. ஐந்து மணி வரை பார்த்தாள், பென்சிலில் கூட்டினாள், எல்லாம் சரியாக இருந்தது. இப்படி முடித்துவிட்டால் யாரையும் கேட்காமல் அனுப்பிவிடுவதுதான் மூன்று வருஷத்துப் பழக்கம். இன்று எழுந்து, காகிதத்தை எடுத்துக்கொண்டு, இரண்டு மேஜை தள்ளிப் போனாள்.

"வினய், வீட்டுக்குக் கிளம்பறியா? ஒரு நிமிஷம் உக்காரு. நான் போட்ட கணக்கு சரியான்னு நீ பாரு."

அவன் அவளை ஒருமாதிரி பார்த்தான். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு, பேனாவை எடுத்தான்.