வைக்க ஒரு சங்கிலி

கடையில் அவளுக்குக் கைராசி என்று பேர். காலை முதல் வியாபாரத்தை அவள் கையால் முடித்தால் அன்றைக்குக் கல்லா நிறையும் என்று மேனேஜரே நம்பினார். ராசியெல்லாம் அடுத்தவருக்குத்தான் போலிருக்கிறது. அவளுடைய சொந்த வளையல் ஜோடி மாதக்கணக்காக அடகுக்கடையின் இரும்புப்பெட்டியில் கிடந்தது. தங்கம் விலை ஏற ஏற அதன் பேரிலேயே மேலும் கடன் வாங்கி, வீட்டு வாடகைக்கும் புருஷனின் வைத்தியத்துக்கும் கரைத்தாயிற்று. நாளைக்குள் மீட்காவிட்டால் ஏலம்.

மீட்க ஒரே வழி கடைக்குப் புதிதாக வந்திருந்த நகைத் தட்டுதான். விலை தாறுமாறாக ஏறியதிலிருந்து கடை ஈயோட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துப் பாடம் எடுத்தார்.

"விலை ஏறிருச்சு, வர்றவங்க பர்ஸ் ஏறல. கெட்டிச் சங்கிலியைக் காட்டினா விலையக் கேட்டுட்டு எழுந்து போயிருவாங்க. புதுத் தட்டுல இருக்கிற பதினெட்டு கேரட் கூடு சங்கிலியைக் காட்டுங்க, உள்ள காலியா இருக்கும். பார்வைக்குப் பருமன், எடை கம்மி, அவங்க கொண்டு வந்த காசுக்குள்ள அடங்கும். கெட்டிக்குச் செய்கூலி நூத்துக்கு எட்டுதான். இதுக்கு இருபது. நம்ம பொழப்பு இனிமே அதுலதான். எடையப் பேசாதீங்க, அழகப் பேசுங்க."

புதுத் தட்டில் விற்றால் தனிக் கமிஷன். கைராசி வாய்ச்சாலகத்தோடு விற்றுத் தள்ளினாள். இன்னும் ஒரு பெரிய வியாபாரம் முடிந்தால் வளையல் கைக்கு வந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் தையல்காரம்மா ஒருத்தி வந்தாள். கைக்குட்டை முடிச்சிலிருந்து ஒரு பழைய கெட்டிச் சங்கிலியை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள். மெஷினில் வைத்துப் பார்த்தார்கள், சுத்தமான இருபத்திரண்டு கேரட். இந்த ஒன்றைக் கொடுத்தால் புதுத் தட்டில் இரண்டு சங்கிலி வரும் என்று கைராசி கணக்குப் போட்டுக் காட்டினாள். அந்தம்மாவின் முகம் பூத்துவிட்டது. மேனேஜரே எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒண்ணு மக போட்டுக்க. இன்னொண்ணு வைக்க," என்றாள் தையல்காரம்மா.

"தாராளமா வைங்கம்மா. துணில சுத்தி பீரோல வச்சா எத்தனை வருஷமானாலும் அப்படியே இருக்கும்," என்றார் மேனேஜர்.

கைராசிக்குச் சுருக்கென்றது. இது பீரோவில் வைக்கிற வைப்பு இல்லை. அது அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

உருக்குகிறவர் சங்கிலியைத் தட்டில் எடுத்துக்கொண்டு உள்ளே போகத் தயாராக நின்றார். சம்மதக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. தையல்காரம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், நாளைக்கு வளையல் கையில். பேனா காகிதத்தைத் தொட்டது.

"அம்மா, வைக்கன்னா அடகு வைக்கவா?" என்றாள் கைராசி.

"வேற எதுக்கு? மெஷின் கெட்டப்பவும், அவர் கால் ஒடிஞ்சப்பவும் இந்தச் சங்கிலிதானே கை கொடுத்துச்சு."

மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். கைராசி அவர் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப கையெழுத்துப் போடாதீங்க. இந்தப் புதுச் சங்கிலில நாலுல மூணு பங்குதான் தங்கம். அடகுக்கடைக்காரன் அந்தத் தங்கத்துக்குத்தான் பணம் குடுப்பான், நீங்க குடுக்கிற செய்கூலி போனது போனதுதான். நிறையப் பேர் இந்த கேரட்டத் தொடவே மாட்டாங்க. உள்ள கூடு வேற, நசுங்கினா நிமிர்த்துறது கஷ்டம். உங்களுதை உருக்கிட்டா, அப்புறம் மனசு மாறினாலும் வெறும் கட்டிதான் மிஞ்சும். அதை வச்சுக்கிட்டு எவனும் கடன் தரமாட்டான்."

தையல்காரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். தட்டிலிருந்த சங்கிலியை எடுத்து, யாரோ பிடுங்க வருகிற மாதிரி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"அப்ப என் மகளுக்கு?"

"இதுலயே சின்னதா ஒரு தோடு பாருங்க. தினம் போட்டுக்க உறுதியா இருக்கும். ஆனா போட்டுக்க மட்டுந்தான்."

கையிலிருந்த காசுக்குத் தோடு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு அந்தம்மா போனாள். கதவு சாத்தியதும் மேனேஜர் குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? வைக்கறதுன்னா பீரோலதானே?"

பாவம், மனுஷன் நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை.

"நீங்க ஒரு நாளும் வச்சதில்ல சார்."

"நாளைலேர்ந்து வெள்ளி கவுண்டருக்குப் போயிருங்க," என்றார். அங்கே கமிஷன் கிடையாது.

சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படி ஓரமாக நின்று அடகுக்கடைக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, என்னால மீட்க முடியாது. ஏலத்துல விட்டுருங்க."

"நல்ல கெட்டி வளையல்மா. இன்னிக்கி விலைக்கு இந்த மாதிரி இன்னொண்ணு உன்னால வாங்க முடியுமா? யோசிச்சுச் சொல்லு."

"முடியாதுண்ணே," என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.