ஒரே பெயர், இரண்டு சீட்டு

ஊருக்கெல்லாம் பெயர் வைக்கிறவள் வீட்டு நாய்க்கு மட்டும் இன்னும் பெயர் கிடையாது. "ஏய்" என்றால் வாலாட்டிக்கொண்டு வரும். கணவர் அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். புதிதாகக் கம்பெனி தொடங்குகிறவர்களை ஒரு நாள் முழுக்க ஒரே அறையில் உட்காரவைத்துப் பெயர் எடுத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். தெரிந்தவர்கள் அவளைப் பேர்க்காரம்மா என்பார்கள்.

முன்பு விளம்பரக் கம்பெனியில் இருந்தபோது, பெயருக்காகப் பங்காளிகள் முகம் பார்க்காமல் போனதை நிறையப் பார்த்திருக்கிறாள். பெயர் பிடிக்காததைவிட, யார் சொன்ன பெயர் என்பதில்தான் சண்டை வரும். அதனால்தான் விதி போட்டாள். அவரவர் பேசாமல் தனித்தனிச் சீட்டில் எழுத வேண்டும். கையெழுத்து தெரியாதபடி அவளே எல்லாவற்றையும் பெரிய அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டுவாள். ஒரே பெயரை இருவர் எழுதியிருந்தாலும் ஒரே அட்டைதான். எழுதியது யார், எத்தனை பேர் என்று கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. வேலை தொடங்கும் முன்பே எல்லாரிடமும் வாக்கு வாங்கிவிடுவாள், தானும் கொடுப்பாள்.

அன்று வந்தது ஒரு கணவன், மனைவி, மனைவியின் தம்பி. நடக்க முடியாத குழந்தைகளுக்குச் சக்கர நாற்காலி செய்கிறார்கள். முதல் நாற்காலி அவர்களுடைய மகளுக்காகச் செய்தது. மகள் இறந்து மூன்று வருஷமாகிறது. வீட்டில் அவளைத் தும்பி என்று கூப்பிட்டார்களாம். இதைத் தம்பிதான் முதல் நாளே போனில் சொன்னான். அக்காவும் அத்தானும் குழந்தையைப் பற்றிப் பேசுவதே இல்லை, அந்தப் பக்கமே போகாதீர்கள் என்றும் சொன்னான்.

சீட்டுகளைப் பிரித்தபோது தும்பி இரண்டு சீட்டில் இருந்தது. காலையில் அவர்கள் நிரப்பிய படிவங்களில் பார்த்த எழுத்துகள்தான், ஒன்று அம்மாவின் உருண்டை எழுத்து, இன்னொன்று அப்பாவின் சாய்ந்த எழுத்து. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். ஆனாலும் விதிப்படி ஒரே அட்டை எழுதி, மற்றவற்றுக்கு நடுவில் ஒட்டினாள்.

ரகசிய வாக்கெடுப்பில் ஐந்து பெயர்கள் மிஞ்சின. தம்பியின் செல்லப்பிள்ளையான ஒரு நீளப் பெயர், வெளியாட்கள் மூன்று பேரிடம் போனில் சொல்லி எழுதச் சொன்னபோது மூன்று விதமாக வந்து அடிபட்டது. இன்னொன்றை அதே தொழிலில் வேறொருவர் ஏற்கெனவே பதிவு செய்திருந்தார். தும்பி எல்லாவற்றையும் தாண்டியது. வலைத்தள முகவரிகூடக் கிடைத்தது. வக்கீல் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

கடைசி விதி, மிஞ்சிய பெயர்களைச் சுற்றுமுறையில் ஒவ்வொருவராக வாயால் சொல்லிப் பார்ப்பது. வாடிக்கையாளர் கூப்பிடும்போது நூறு தடவை சொல்ல வேண்டிய பெயர் அல்லவா. தும்பி மனைவியின் முறையில் வந்தது. "வணக்கம், தும்பி..." என்று தொடங்கியவள் பெயரோடு நின்றுவிட்டாள். தண்ணீர் டம்ளரை எடுத்தாள், குடிக்காமலே வைத்தாள்.

ஒவ்வொருவருக்கும் காரணம் சொல்லாமல் ஒரு பெயரைத் தள்ளும் உரிமை உண்டு. கணவன் எழுந்து போய் அந்த அட்டையைச் சுவரிலிருந்து எடுத்து மேஜையில் கவிழ்த்து வைத்தான். மனைவி தலையை நிமிர்த்தவில்லை. தம்பி பேனாவைத் திறந்து திறந்து மூடினான்.

தள்ளியவரே வேண்டுமானால் திரும்ப வைக்கலாம் என்ற விதியைப் பேர்க்காரம்மா இரண்டு தடவை வாசித்தாள். யாரும் அசையவில்லை. விட்டால் விதியையே கிழித்துப் போட்டிருப்பாள். காபி இடைவேளை என்று சொல்லி வெளியே வந்தாள்.

நடைக்கூடத்தில் கணவன் பின்னாலேயே வந்தான்.

"அதை எழுதினது நான்தாங்க. அவளால சொல்லக்கூட முடியல, பார்த்தீங்களா? தினம் அவளைக் கொல்லணுமா? நான் எழுதினதுன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவனோ பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தான்.

"சொல்லமாட்டேன்" என்றாள்.

கடைசியில் தேறியது யாருக்கும் வலிக்காத ஒரு பெயர். நன்றாகத்தான் இருந்தது. தம்பி கைதட்டினான், மற்ற இருவரும் அவனோடு சேர்ந்து தட்டினார்கள்.

ஆண்கள் இருவரும் படியிறங்கிய பிறகு மனைவி கைப்பையை மறந்தவள்போலத் திரும்பி வந்தாள்.

"அந்தப் பேரை எழுதினது நான். சொல்லும்போது அழுகை வந்துடுச்சு, சந்தோஷத்துலதான். ஆனா அவரால தாங்க முடியலன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. இனிமே அவர் முன்னால அந்தப் பேரை எடுக்கவே மாட்டேன். நான்தான் எழுதினேன்னு அவருக்குத் தெரிய வேணாம், அக்கா."

பேர்க்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அவர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்களேன்" என்றாள். அதற்கு மேல் சொன்னால் அவனுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும்.

"வேணாம் அக்கா. அவரைத் திரும்ப அழவைக்கிற தெம்பு எனக்கு இல்ல."

கீழே கார் ஹாரன் மெதுவாக ஒலித்தது. அவள் போய்விட்டாள்.

சீட்டுகளை அன்றே கிழித்துவிட வேண்டும் என்பதும் விதிதான். எல்லாவற்றையும் கிழித்தாள். உருண்டை எழுத்தும் சாய்ந்த எழுத்தும் மட்டும் கையில் நின்றன. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, அவற்றையும் சேர்த்தே கிழித்தாள்.